பதினோரு வாரம் தொங்கியவர்

கேள்வி: ஒரே நேரத்தில் இரண்டு இடங்களில் நடப்பதை மாத்தி மாத்திக் காட்டினாலே படத்தில் பரபரப்பு வந்துவிடுமா சார்? சில படங்களில் அப்படிக் காட்டியும் கொட்டாவிதானே வருகிறது?

பதில்: 'ஒரே நேரத்தில்' என்று எழுதியிருக்கிறீர்கள் பாருங்கள், அதைப் படித்ததும் எனக்குப் பழைய வயிற்றெரிச்சல் ஒன்று கிளம்பிவிட்டது. உங்கள் கேள்வி ஒரு நிமிஷம் காத்திருக்கட்டும்.

நான் உதவி ஆசிரியனாக இருந்த காலத்தில் ஒரு தொடர்கதைக்காரர் எங்களுக்கு எழுதிக்கொண்டிருந்தார். பேர் வேண்டாம். ஒரு வாரம் கதாநாயகனை மலை உச்சியில் ஒரு வேரைப் பிடித்துத் தொங்கவிட்டு 'தொடரும்' போட்டார். அடுத்த வாரம் 'அதே நேரத்தில்' என்று ஆரம்பித்து, வில்லனின் தங்கை தலை வாரிக்கொள்வதை இரண்டு பக்கத்துக்கு எழுதினார். அதற்கடுத்த வாரம், அதே நேரத்தில், ஒரு வக்கீல் உயிலைப் பிரித்தார். அப்புறம் உயிலில் வரும் பெரியப்பாவின் பூர்வகதை. பெரியப்பா பிறந்து, வளர்ந்து, கல்யாணம் செய்து, சொத்து சேர்த்து, வழக்கில் தோற்று, எல்லாம் அதே நேரத்தில். எங்கள் புரூஃப் ரீடர், அதிகம் பேசாத மனிதர், ஒருநாள் என் மேஜைக்கு வந்து, "சார், அது என்ன மரத்து வேர்?" என்று கேட்டுவிட்டுப் போனார். அதற்குள் பதினோரு வாரம் ஆகியிருந்தது.

அந்தத் தொடர்கதைக்காரர் செய்ததும் நீங்கள் கேட்கும் சமாசாரம்தான், சினிமாக்காரர்கள் இன்டர்கட் என்கிறார்கள். திரையில் 'ஒரே நேரம்' என்று ஒன்று கிடையவே கிடையாது. ஒரு ஷாட் முடிந்த பிறகுதான் அடுத்த ஷாட் வரும். இரண்டும் ஒரே சமயத்தில் நடப்பதாக முடிச்சுப் போடுவது பார்க்கிறவர் மனசு. அந்த முடிச்சைப் போட அவருக்கு ஒரு காரணம் கொடுக்க வேண்டும். பெரியப்பா பிறந்தால் வேர் அறுந்துவிடும் என்று எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. அவர் பாட்டுக்குப் பிறந்தார்.

காரணத்தை எப்படிக் கொடுப்பது என்பதற்கு ஹிட்ச்காக்கின் 'ஸ்ட்ரேஞ்சர்ஸ் ஆன் எ ட்ரெய்ன்' (1951) படத்தைப் பாருங்கள். கய் என்ற டென்னிஸ் ஆட்டக்காரனின் மனைவியை புரூனோ என்ற கிறுக்கன் கொன்றுவிடுகிறான். கய்யின் சிகரெட் லைட்டர் புரூனோவிடம் இருக்கிறது. கொலை நடந்த இடத்தில், இருட்டின பிறகு, அதைப் போட்டுவிட்டு வந்தால் பழி கய் தலையில் விழும். இது கய்க்கும் தெரியும். ஆனால் அவன் ஆட்டத்தை முடிக்காமல் கிளம்ப முடியாது, போலீஸ் அவனைக் கண்காணித்துக்கொண்டிருக்கிறது. இவ்வளவும் இன்டர்கட் ஆரம்பிக்கிறதற்கு முன்னாலேயே நம் காதில் போட்டாகிவிட்டது. இந்த வேலையைச் செய்யாமல் எடிட்டர் எத்தனை வெட்டு வெட்டினாலும், ஒரு பக்கம் யாரோ டென்னிஸ் ஆடுகிறான், இன்னொரு பக்கம் யாரோ நடந்து போகிறான், அவ்வளவுதான்.

இந்தப் பக்கம் கய் அடித்து ஆடுகிறான், சீக்கிரம் முடிக்க வேண்டும். அந்தப் பக்கம் வழியில் ஒருத்தர் இடித்ததில் புரூனோ கையிலிருந்த லைட்டர் சாக்கடைக் கம்பிக்குள் விழுந்துவிடுகிறது. இனிமேல் வெயிலும் கூட்டமும் பந்தும் ஒரு பக்கம், இருட்டுக்குள் துழாவும் ஐந்து விரல் ஒரு பக்கம். ஒன்று ஓடுகிறது, ஒன்று சிக்கிக்கொண்டு நிற்கிறது. விரல் நுனி லைட்டரைத் தொடுகிறது, அது இன்னும் கீழே நழுவுகிறது, வெட்டு, பந்து. மறுபடி விரல். இதில் ஒரு அயோக்கியத்தனமும் இருக்கிறது: எட்டிவிடாதா என்று நாமும் தோளை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்போம். கொலைகாரனுக்கு லைட்டர் கிடைக்க வேண்டும் என்று! இந்தப் பக்கம் கய் ஜெயிக்க வேண்டும் என்றும் அதே மனசுதான் ஆசைப்படுகிறது. இரண்டு பக்கமும் கட்சி சேர்ந்துவிட்டு நடுவில் கிடந்து தவிக்கிறோமே, பரபரப்பு என்று நீங்கள் கேட்டது அதைத்தான்.

நேரத்தை இழுக்கிற வித்தையும் இங்கே தெரியும். டென்னிஸுக்குப் புள்ளிக் கணக்கு உண்டு, எவ்வளவு ஆட்டம் போயிற்று என்று நமக்குத் தெரிந்துகொண்டே இருக்கும். விரல் எட்டுவதற்குக் கணக்கு கிடையாது, அதை எவ்வளவு வேண்டுமானாலும் இழுக்கலாம். கணக்கில்லாத பக்கத்தில் இழு, கணக்குள்ள பக்கத்தில் ஓட்டு. அப்புறம் ஆட்டம் முடிந்து கய் ரயிலில் போகும்போது இரண்டு பேருக்கும் பொதுவாக ஒரே கடிகாரம்தான்: சூரியன். இவன் ரயிலிலிருந்து அது இறங்குவதைப் பார்க்கிறான், அவன் அது எப்போதடா இறங்கும் என்று உட்கார்ந்திருக்கிறான். சூரியனில் முள் இல்லை, அதனால் யாரும் விநாடியை எண்ண மாட்டார்கள். டைம் பாமில் சிவப்பு எண்ணைக் காட்டுகிறவர்கள் இந்த இடத்தில்தான் மாட்டிக்கொள்கிறார்கள். முப்பது என்று காட்டிவிட்டு, நாயகி ஓடிவந்து, கட்டிப்பிடித்து, மன்னிப்புக் கேட்டு, எந்த ஒயர் என்று சண்டை போட்ட பிறகு திரும்பினால் எண் இருபத்தெட்டு. தியேட்டர் சிரிக்காமல் என்ன செய்யும்?

வேகமாக வெட்டுவதுதான் பரபரப்பு என்று விமர்சனம் எழுதுகிறவர்களோடு எனக்குத் தீராத தகராறு, தெரிந்ததுதான். 'விறுவிறு எடிட்டிங்' என்று எழுதிவிட்டால் வேலை முடிந்ததாம். அய்யா, ஒரு பக்கத்தை விட்டுப் போகும்போது முடிவு தெரிவதற்கு முன் போக வேண்டும், திரும்பி வரும்போது நிலைமை ஒரு சாணாவது நகர்ந்திருக்க வேண்டும். விட்ட இடத்திலேயே ஆள் உறைந்து நின்றால், போனது எதற்கு? உங்களுக்குக் கொட்டாவி வந்த படத்தை இப்படிச் சோதித்துப் பாருங்கள்: ஒரு பக்கத்தை அப்படியே தூக்கிவிட்டு மற்றதை மட்டும் மனசுக்குள் ஓட்டுங்கள். ஒரு குறையும் தெரியவில்லை என்றால், தூக்கின பக்கம் சும்மா குறுக்கே வந்து நின்றிருக்கிறது.

இன்னொன்று, நீங்கள் கேட்கவில்லை, ஆனால் எனக்குப் பிடித்தது அதுதான். ஓட்டமே இல்லாத இன்டர்கட். 1909இல் கிரிஃபித் என்ற அமெரிக்க டைரக்டர் 'எ கார்னர் இன் வீட்' என்று கால் மணி நேரம்கூட ஓடாத ஒரு படம் எடுத்தார். கோதுமையை முழுக்க வளைத்துப் போட்ட முதலாளி விருந்து கொடுக்கிறான், மேஜையைச் சுற்றி ஒரே அமர்க்களம். வெட்டினால் ரொட்டிக் கடை. மாவு விலை ஏறிவிட்டதால் 5 சென்ட் ரொட்டி இனி 10 சென்ட் என்று அறிவிப்பு. வரிசையில் நிற்கிறவர்கள் பொம்மை மாதிரி அசையாமல் நிற்கிறார்கள், சினிமா நின்று போட்டோ ஆகிவிட்டதோ என்று தோன்றும். முதலாளியும் இந்த ஜனங்களும் படத்தில் கடைசிவரை சந்திப்பதில்லை. ஒருவரை ஒருவர் காப்பாற்றப் போவதில்லை, கொல்லப் போவதில்லை, கடிகாரமும் தேவையில்லை. அந்த விருந்து எந்தப் பணத்தில் நடக்கிறது என்று ரொட்டி வரிசை சொல்லிவிடுகிறது, அந்த வரிசையில் நிற்கிற ஒருவருக்கும் அது தெரியாது. நமக்கு மட்டும் தெரிகிறது. பரபரப்பு வேண்டுமென்றால் இரண்டு கோடும் எங்கேயாவது முட்டிக்கொள்ளும் என்ற பயம் வேண்டும். இந்தக் குத்தல் வேண்டுமென்றால் முட்டிக்கொள்ளாமல் இருப்பதே நல்லது. கடைசியில் முதலாளியைத் தன் கோதுமைக்குள்ளேயே விழவைத்துச் சாகடிக்கிறார் கிரிஃபித். என்னைக் கேட்டால் அது அவசியமில்லை, அந்த அசையாத வரிசையே போதும்.

சரி, அந்தத் தொடர்கதை என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். பன்னிரண்டாவது வாரம் 'அதே நேரத்தில்' என்று ஆரம்பித்த அத்தியாயத்தைத் திருப்பி அனுப்பினேன். மனிதர் கோபித்துக்கொண்டு எழுதுவதையே நிறுத்திவிட்டார். ஆறு மாதம் கழித்து ஒரு வாசகி கார்டு போட்டிருந்தார்: 'அந்தப் பெரியப்பா கேஸ் என்னங்க ஆச்சு?' தொங்கினவரைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.