கிழமைக்கு இரண்டு பதிவு: ஒரு கறித்தூள் வியாபாரியின் கணக்கு

கேள்வி: தனியாளாக ஒரு சிறு தொழிலை நடத்துகிறேன். முகநூலிலும் இன்ஸ்டகிராமிலும் நாளுக்கொரு பதிவு போட வேண்டும் என்கிறார்கள். மூன்று மாதத்தில் களைத்துவிட்டேன். கிழமைக்கு எத்தனை போட்டால் தாக்குப்பிடிக்கலாம்?

பதில்:

நான் கொக்குவிலில் வீட்டிலிருந்தபடியே வறுத்த கறித்தூள் தயாரித்து விற்கிறேன். மல்லி வாங்குவது, மிளகாய் காயவிடுவது, வறுப்பது, மில்லுக்குக் கொண்டுபோவது, பொதி கட்டுவது, கணக்கு எழுதுவது எல்லாவற்றுக்கும் நான் ஒருத்திதான். நானும் ஒரு நல்லூர்த் திருவிழாக் காலத்தில் நாளுக்கொரு பதிவு என்று தொடங்கி, ஏழு கிழமை விடாமல் நடத்திவிட்டு, அடுத்த ஐந்து கிழமை ஒன்றுமே எழுத முடியாமல் நின்றேன். அந்த ஐந்து கிழமைக்குள் பழைய வாடிக்கையாளர் மூவர், கடையை மூடிவிட்டேனா என்று கேட்டு எழுதினார்கள். இப்போது கிழமைக்கு இரண்டு பதிவு இடுகிறேன். இந்த எண்ணுக்கு நான் வந்து சேர்ந்த வழியைச் சொல்கிறேன்; உங்களுக்கு வேறு எண் கிடைக்கலாம், ஆனால் கணக்குப் போடும் முறை பொருந்தும்.

முதலில் ஒரு பதிவுக்கு உண்மையில் எவ்வளவு நேரம் போகிறது என்று இரண்டு கிழமை ஒரு கொப்பியில் எழுதி வந்தேன். படம் எடுக்க 25 நிமிடம், படங்களைத் தெரிந்து வெளிச்சம் சரிசெய்ய 20, எழுத 40 என்று வந்தது. இவ்வளவும் நான் எதிர்பார்த்ததுதான். எதிர்பாராதது, வெளியிட்ட பிறகு போன நேரம். விலை என்ன, கனடாவுக்கு அனுப்பலாமா, உறைப்புக் குறைத்துத் தருவீர்களா என்று அடுத்த இரண்டு நாள்களில் வரும் கேள்விகளுக்கு மறுமொழி எழுத, சராசரியாக இன்னும் 70 நிமிடம் தேவைப்பட்டது. ஆக ஒரு பதிவு 155 நிமிடம், அதாவது ஏறத்தாழ இரண்டரை மணித்தியாலம். அதில் பாதிக்குச் சற்றுக் குறைவான பங்கு, பதிவு முடிந்துவிட்டது என்று நாம் நினைத்த பிறகே செலவாகிறது. நாளுக்கொரு பதிவு இட்டபோது இன்றைய பதிவின் கேள்விகளோடு நேற்றையதும் முந்தாநாளையதும் சேர்ந்து வந்ததால், கைத்தொலைபேசியை வைக்கவே முடியவில்லை. அடுப்படியில் நின்றபடி மறுமொழி எழுதிக்கொண்டிருந்த ஒரு பின்னேரம் ஆறு கிலோ மல்லி கருகிப்போனது. என்னைக் களைப்படைய வைத்தது எழுத்தல்ல, எழுத்துக்குப் பின்னால் வரும் உரையாடல் என்பது அந்தக் கொப்பியைப் பார்த்த பின்புதான் விளங்கியது.

அடுத்ததாக, கிழமைக்கு எவ்வளவு நேரம் மிஞ்சுகிறது என்று பார்க்க வேண்டும். இங்கேதான் பலர் ஓய்வான கிழமையை அளவுகோலாக எடுத்துவிடுகிறார்கள். நான் ஆகக் கடினமான கிழமையை எடுத்தேன்: மூன்று முறை வறுப்பு, இரண்டு நாள் பொதி அனுப்புதல், இடையில் மழை வந்து மிளகாயை அள்ளி உள்ளே போட்டுத் திரும்ப வெளியே பரப்பும் வேலை. அப்படியான கிழமையில் எனக்கு நான்கு மணித்தியாலம் மிஞ்சியது. வீட்டில் யாருக்காவது காய்ச்சல் வந்தாலும் முறை குலையக்கூடாது என்பதற்காக அதில் மூன்றை மட்டும் கணக்கில் எடுத்தேன். மூன்று மணித்தியாலத்துக்குள் 155 நிமிடப் பதிவு ஒன்றுதான் அடங்கும். மிச்சமுள்ள 25 நிமிடத்தில் ஓர் இலகுவான பதிவு இடலாம்: பாயில் காயும் மிளகாயின் ஒரு படம், அதன் கீழே இரண்டு வரி. அதற்குக் கேள்விகளும் குறைவாகவே வரும். ஒரு பெரிய பதிவு, ஒரு சிறிய பதிவு என்ற என் அளவு இப்படித்தான் வந்தது.

முன்கூட்டியே பதிவுகளைத் தயாரித்து Meta Business Suite மூலம் நாளும் நேரமும் குறித்து வைக்கலாம் என்று உங்களுக்கும் சொல்லியிருப்பார்கள். நானும் அப்படிச் செய்கிறேன்; தூளை எப்படிப் பழுதாகாமல் வைப்பது, ஒரு கிலோ இறைச்சிக்கு எவ்வளவு தூள் போடுவது என்பன போன்ற, எப்போது வெளியிட்டாலும் பொருந்தும் பதிவுகள் நான்கு எப்போதும் கைவசம் இருக்கும். ஆனால் இந்த வசதி தயாரிக்கும் நேரத்தை மட்டுமே முன்னுக்குத் தள்ளுகிறது. பின்னால் வரும் 70 நிமிடத்தை யாரும் முன்கூட்டிக் குறித்து வைக்க முடியாது. ஆகவே பயணம் போகும் நாளிலோ வறுப்பு நாளிலோ பதிவு வெளிவரும்படி குறிக்காதீர்கள். அந்த 70 நிமிடத்தைக் குறைக்க எனக்கு உதவியது வாட்ஸ்அப் பிஸ்னஸ் செயலியிலுள்ள விரைவு மறுமொழி வசதி. விலைப்பட்டியல், அனுப்பும் செலவு, எத்தனை நாளில் கிடைக்கும் என்ற மூன்றையும் ஒருமுறை ஒழுங்காக எழுதிச் சேமித்த பிறகு, அது 40 நிமிடமளவுக்கு இறங்கியது. மிஞ்சிய நேரத்துக்கு இன்னொரு பதிவைச் சேர்க்காமல், அதை நித்திரைக்கு விட்டுவிட்டேன்.

பதிவிடும் நேரத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனெனில் யாழ்ப்பாணத்தில் தொழில் செய்யும் எங்களில் பலருக்கு வாங்குபவர்களில் பாதிப்பேர் கடல் கடந்து இருக்கிறார்கள். முன்பு இரவு எட்டு மணிக்குப் பதிவிடுவேன். கோடைகாலத்தில் அப்போது ரொறன்ரோவில் காலை பத்தரை, லண்டனில் பின்னேரம் மூன்றரை. அவர்கள் வேலை முடிந்து கேள்வி கேட்கத் தொடங்கும்போது எனக்கு நடுச்சாமமாகிவிடும். இப்போது காலை ஆறு மணிக்கு இடுகிறேன். ரொறன்ரோவில் அது முன்னைய நாள் இரவு எட்டரை, சாப்பிட்டுவிட்டு ஆறுதலாகப் பார்க்கும் நேரம். லண்டனில் உள்ளவர்கள் ஏழு மணிக்கு எழும்பிப் பார்க்கும்போது இங்கே முற்பகல் பதினொன்றரை. கேள்விகளில் பெரும்பகுதி நான் விழித்திருக்கும் நேரத்திலேயே வந்து முடிந்துவிடுகிறது. மாரியில் அந்த நாடுகளின் மணிக்கூடு ஒரு மணித்தியாலம் பின்னுக்குப் போவதை மட்டும் நினைவில் வைத்திருங்கள்.

குறைத்தால் ஓடர் குறையாதா என்பது நியாயமான பயம். நான் எட்டுக் கிழமை, கிழமைக்கு நான்கு பதிவும், அடுத்த எட்டுக் கிழமை, கிழமைக்கு இரண்டு பதிவும் இட்டுப் பார்த்தேன்; முதலாவதில் 31 ஓடர், இரண்டாவதில் 28. நான்கு பதிவு இடுவது கூடுதல் பயன் தருகிறது என்று இதை வைத்துச் சொல்ல முடியாது, ஏனெனில் பதிவின் எண்ணிக்கையை மாற்றாத காலத்திலும் எனக்கு ஒரு மாதம் 11 ஓடர், இன்னொரு மாதம் 19 என்று ஏறி இறங்கியிருக்கிறது. நம் போன்ற சிறு தொழில்களில் விற்பனை எண் அவ்வளவு சிறியது; இரண்டுக்கும் நான்குக்கும் உள்ள வித்தியாசம் அதில் தெளிவாகத் தெரிய நீண்ட காலம் எடுக்கும். உழைப்பில் உள்ள வித்தியாசமோ முதற் கிழமையிலேயே தெரிந்துவிடுகிறது. ஆகவே எண்ணிக்கையை உழைப்பை வைத்தே தீர்மானிக்கிறேன்.

அளவு மீறுகிறது என்பதை நான் மனநிலையை வைத்து அறிவதில்லை, ஏனென்றால் மனம் களைத்துவிட்டதென்று ஒப்புக்கொள்ளும்போது காலம் பிந்திவிடுகிறது. கேள்விக்கு மறுமொழி சொல்ல ஒரு நாளுக்கு மேல் எடுக்கிறதா, பொதியில் முகவரியோ நிறையோ பிழைக்கிறதா என்று பார்க்கிறேன். இவற்றில் ஏதாவது ஒன்று அடுத்தடுத்த இரண்டு கிழமை நடந்தால் சிறிய பதிவை நிறுத்திவிடுவேன். ஐப்பசி, கார்த்திகை மழைக்காலத்தில் பெரும்பாலும் பெரிய பதிவு ஒன்றோடு மட்டுமே ஓடுகிறது.

மதியச் சாப்பாட்டுப் பார்சல் போன்ற, அன்றன்றே விற்க வேண்டிய பொருளென்றால் இந்தக் கணக்கு அப்படியே பொருந்தாது. அன்றைய கறிகளை அன்றே அறிவித்தாக வேண்டும். அதற்கு 24 மணித்தியாலத்தில் தானாக மறைந்துவிடும் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் ஒரு படமும் விலையும் போதும். அதைப் பதிவுகளின் எண்ணிக்கையில் சேர்க்காதீர்கள், ஆனால் அதற்கு வரும் கேள்விகளின் நேரத்தைக் கொப்பியில் கட்டாயம் எழுதுங்கள்.