பெனிக்கா, மாரடைப்பா: எனக்கு வந்ததும் அம்மாவுக்கு வந்ததும்

ஒருவர் கேட்டது: வயது 29, ஹட்டன் பக்கம். இரவில் திடீரென்று நெஞ்சு இறுகி, செத்துப்போவேன் போல் படபடக்கிறது. ஒருமுறை ஈசிஜி எடுத்து ஒன்றுமில்லை என்றார்கள். இது பெனிக் அட்டாக்கா, மாரடைப்பா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? எப்போது ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும்?

எனக்கு 31 வயதில் ஒரே மாதத்தில் மூன்று இரவுகள் ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்கு ஓடியிருக்கிறேன். மூன்றாவது முறை இருந்த டொக்டர், "விரல் நுனியும் உதட்டைச் சுற்றியும் விறுவிறுத்ததா?" என்று கேட்டார். விறுவிறுத்தது மட்டுமல்ல, விரல்கள் மடங்கி விறைத்தே போயிருந்தன. பயத்தில் வேகவேகமாக மூச்சு விட்டால் இரத்தத்தில் இருக்கும் காபனீரொட்சைட்டு அளவுக்கு மீறி வெளியே போய்விடுமாம், விறுவிறுப்பு அதனால்தான். பெனிக் பெரும்பாலும் பத்து நிமிடத்துக்குள் உச்சத்துக்குப் போய், அரைமணி நேரத்துக்குள் தானாக இறங்கிவிடும் என்றும் சொன்னார். தைரொயிட்டுக்கும் இரத்தம் சோதித்தார், ஏனென்றால் அது கூடினாலும் இப்படிப் படபடக்கும். நீங்களும் அதைக் கேட்டுப் பாருங்கள்.

இதைத் தெரிந்துகொண்டதுதான் பிறகு என்னை ஏமாற்றியது.

அம்மாவுக்கு 58 வயது, சீனி வருத்தம் உண்டு. மலையிலிருந்து கொழுந்துக் கூடையோடு ஏறி வரும்போது மேல் வயிற்றில் பாரமாக இருக்கிறது, தாடையும் வலிக்கிறது என்றார். ஐந்து நிமிடம் உட்கார்ந்தால் போய்விடும். வாயு என்று இஞ்சி தட்டிக் குடித்தார். மூன்று நாள் இப்படியே போனது. நான்காம் நாள் விடியற்காலை, சும்மா படுத்திருக்கும்போதே அந்தப் பாரம் வந்தது. வெளியே பனி மூடிக் கிடக்கிறது, அம்மாவின் நெற்றியில் வியர்வை முத்து முத்தாக நிற்கிறது. ஒரு தடவை வாந்தியும் எடுத்தார். நான் பக்கத்தில் உட்கார்ந்து, "பயப்படாதீங்கம்மா, மூச்ச மெதுவா விடுங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தேன். நாற்பது நிமிடம்! அதை இன்றைக்கு நினைத்தாலும் கூசுகிறது.

படபடப்பு, வியர்வை, சாவுப் பயம் எல்லாம் இரண்டிலும் வரும், அவற்றை வைத்துப் பிரிக்க முடியாது. அம்மாவிடம் நான் பார்த்திருக்க வேண்டியது வேறு. மேடு ஏறினால் வருகிறது, உட்கார்ந்தால் போகிறது என்றால் அது இதயத்துக்கு இரத்தம் போதவில்லை என்பதன் அடையாளம். பிறகு சும்மா இருக்கும்போதும் வந்து, இறங்காமல் நின்றது. சீனி உள்ளவர்களுக்கும் பெண்களுக்கும் வயதானவர்களுக்கும் நெஞ்சுவலியே இல்லாமல் மூச்சிரைப்பு, வாந்தி, தாடை வலி, தோள் வலி என்றுகூட மாரடைப்பு வரலாம். ஓர் இடத்தை விரலால் தொட்டுக் காட்டக்கூடிய, அமுக்கினால் கூடும் குத்துவலி இதயமாக இருக்க வாய்ப்புக் குறைவு. ஆனால் அதையும் முழுசாக நம்பக்கூடாது.

கடைசியில் 1990 அம்புலன்ஸுக்கு அழைத்தோம். எங்கள் லயம் ரோட்டுக்குக் கீழே, எண்பதுக்கு மேற்பட்ட படி ஏற வேண்டும். அம்மா நடந்தே வருகிறேன் என்றார். தொலைபேசியில் பேசியவர் நடக்க விடவே வேண்டாம் என்று சொல்லிவிட்டார். பிளாஸ்டிக் கதிரையில் உட்கார வைத்து நாலு பேர் தூக்கினோம். தம்பியை டோர்ச்சோடு ரோட்டில் நிறுத்தினோம், பனியில் அம்புலன்ஸ்காரருக்கு எங்கள் திருப்பம் தெரியாது. அவர்கள் கேட்டுவிட்டு 300 மில்லிகிராம் அஸ்பிரின் மென்று விழுங்கச் சொன்னார்கள். அஸ்பிரின் ஒத்துக்கொள்ளாதவர்களும் வயிற்றுப்புண்ணில் இரத்தம் போனவர்களும் எடுக்கக்கூடாது, அதனால் சொல்லாமல் நீங்களாகக் கொடுக்க வேண்டாம்.

இதற்குப் பிறகு நடந்தது உங்கள் கேள்விக்கு நேராகப் பொருந்தும். அம்மாவின் முதல் ஈசிஜியில் பெரிதாக ஒன்றும் தெரியவில்லை. நல்லவேளை, டொக்டர் வீட்டுக்கு அனுப்பவில்லை. கொஞ்ச நேரம் கழித்துத் திரும்ப எடுத்தார், ட்ரொபோனின் இரத்தச் சோதனையும் செய்தார். இதயத் தசை சேதமானால் கூடும் பொருள் அது, கூடியே இருந்தது. வயிற்றில் ஊசி போட்டு, இரத்தம் உறையாமலிருக்க மருந்து கொடுத்து, அஞ்சியோகிராம் செய்யக் கண்டிக்கு அனுப்பினார்கள்.

ஆக, உங்களுக்கு முன்பு எடுத்த ஒரு ஈசிஜி அன்றைய இரவுக்கு மட்டும்தான் சாட்சி. உங்கள் வயதில் பெனிக்தான் கூடுதலாக இருக்கும். உங்களுக்கு வழக்கமாக வருவது போலவே வந்து, நெஞ்சு இறுக்கம் 15 நிமிடத்துக்குள் விட்டு, மீதியும் அரைமணிக்குள் இறங்கினால், மெதுவாக மூச்சு விட்டுக்கொண்டு இருங்கள், பகலில் டொக்டரிடம் போங்கள். பேப்பர் பையை முகத்தில் வைத்து மூச்சுவிடும் பழைய வைத்தியம் வேண்டாம், உண்மையில் இதயமாக இருந்தால் ஆபத்து. நெஞ்சில் பாரமோ இறுக்கமோ 15 நிமிடம் தாண்டியும் நிற்கிறது, கைக்கோ தாடைக்கோ முதுகுக்கோ பரவுகிறது, மேடு ஏறும்போது வருகிறது, மயக்கம் வருகிறது, அல்லது இதுவரை வந்த மாதிரி இல்லை என்றால் யோசிக்காமல் 1990. இதில் மயக்கமோ குளிர்ந்த வியர்வையோ சேர்ந்தால் 15 நிமிடம்கூடப் பார்த்துக்கொண்டிருக்காதீர்கள். நம் பக்கத்தில் வண்டி வளைவு வளைவாக வந்து சேரவே நேரமாகும், ஆகவே விடியட்டும் என்று இருக்காதீர்கள்.

அம்மா இப்போது நன்றாக இருக்கிறார். அந்தக் கதிரை இன்னும் வாசலில்தான் கிடக்கிறது, யாரும் உள்ளே எடுத்துப் போடவில்லை.