லவ் பேர்ட்ஸுக்கு முட்டை சிக்கினால்: கேள்வி பதில்

ஓசூர்: அக்கா, அவசரம். பெட்டை நேற்று ராத்திரியிலிருந்து கூண்டுத் தரையில் உப்பிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. ஞாயிறும் செவ்வாயும் முட்டை போட்டது. இன்று வெள்ளி. எச்சமும் இல்லை. என்ன செய்வது?

முதலில் சூடு, தம்பி. மீதியை அப்புறம் படிக்கலாம். ஒரு செருப்பு அட்டைப்பெட்டியில் பழைய துணி விரித்து அதை உள்ளே வையுங்கள். பெட்டியின் ஒரு ஓரமாக வெளியிலிருந்து 40 வாட் குண்டு பல்பு. எல்.இ.டி. பல்பு வெளிச்சம்தான் தரும், சூடு தராது. பறவை இருக்கும் உயரத்தில் தெர்மாமீட்டர் 30 முதல் 32 டிகிரி காட்ட வேண்டும். மறுபாதி பல்பு படாமல் இருக்கட்டும், சூடு கூடினால் அதுவே நகர்ந்து போகும். வாயைத் திறந்து மூச்சுவாங்கி, இறக்கையை உடம்பிலிருந்து விலக்கி வைத்தால் சூடு அதிகம் என்று அர்த்தம். தினையும் தண்ணீரும் தரையிலேயே, அலகுக்கு எட்டும் தூரத்தில்.

பெட்டி தயாராகும்போதே இன்னொருவர் போனில் மருத்துவரைத் தேடட்டும். "பறவை பார்ப்பீர்களா" என்று கேட்டுவிட்டே கிளம்புங்கள். ஒருநாள் விட்டு ஒருநாள் முட்டை போடும் பறவைக்கு மூன்றாவது முட்டை நேற்றே வந்திருக்க வேண்டும். 35 கிராம் உடம்புக்குள் இரண்டு கிராமுக்கு மேல் எடையுள்ள முட்டை ஒரு நாளாக அழுத்திக்கொண்டிருக்கிறது. இரண்டு மணி நேரச் சூட்டில் முட்டை வராவிட்டால் புறப்படுங்கள். கால் இழுத்தால், வாய் திறந்து மூச்சு விட்டால், பின்பக்கத் துவாரத்தில் சிவப்பாகச் சதை தெரிந்தால் அந்த இரண்டு மணி நேரமும் வேண்டாம். சதை தெரிந்தால் உள்ளே தள்ளாதீர்கள், சலைனில் நனைத்த சுத்தமான துணியால் ஈரமாக வைத்துக்கொண்டு போங்கள்.

வயிற்றை மட்டும் அழுத்தாதீர்கள். உள்ளே முட்டை உடைந்தால் ஓட்டின் விளிம்பு முட்டைக் குழாயைக் கிழித்துவிடும்.

நாகர்கோவில்: கூண்டில் கடல்நுரை, அதாவது கணவாய் ஓடு, எப்போதும் தொங்குகிறது. அப்படியிருக்க கால்சியம் குறைவு எப்படி வரும்? இது வேறு ஏதோ நோய்தான் என்று நினைக்கிறேன்.

பாதி சரி. கடல்நுரையில் கால்சியம் நிறைய உண்டு. ஆனால் பறவை அதைக் கொறிப்பது ஒன்று, குடலிலிருந்து ரத்தத்துக்குப் போவது வேறொன்று. அதற்கு வைட்டமின் டி3 வேண்டும். அது நேரடி வெயிலில் உடம்பிலேயே உண்டாகும், இல்லையென்றால் தீவனத்தில் வர வேண்டும். வெறும் தினையிலும் சாமையிலும் அது கிடையாது. ஜன்னல் கண்ணாடி வழியாக வரும் வெயிலும் உதவாது, தேவையான கதிரைக் கண்ணாடி தடுத்துவிடும். ஏ.சி. அறையில், கண்ணாடி ஜன்னலோரம், கடல்நுரையோடு வளர்கிற பெட்டைக்கு முட்டை சிக்குவதை எத்தனையோ முறை பார்த்துவிட்டேன்.

இன்னொன்றைப் பலரும் கவனிப்பதில்லை. கால்சியம் ஓட்டுக்கு மட்டும் போவதில்லை. முட்டையை வெளியே தள்ளும் தசை சுருங்கவும் அதுதான் வேண்டும். முட்டைக் காலத்துக்கு முன்பே பெட்டை தன் எலும்புகளுக்குள் கால்சியத்தைச் சேர்த்து வைத்துக்கொண்டு, ஒவ்வொரு ஓட்டுக்கும் அதிலிருந்து எடுக்கும். தொடர்ந்து முட்டை போட்டால் அந்த இருப்பு கரையும். ஓடு மெலியும், தசையும் தளரும். மெல்லிய ஓடு வழுக்கிக்கொண்டும் வராது, தள்ளும் பலமும் இல்லை. அதனால்தான் காகிதம் போல ஒரு முட்டை வந்துவிட்டால் அடுத்த முட்டையை நினைத்துப் பயப்படச் சொல்கிறேன்.

காலை வெயிலில் அரை மணி நேரம், பாதிக் கூண்டில் நிழலோடு வையுங்கள், பூனையும் காக்கையும் வராமல் பக்கத்திலேயே இருங்கள். முருங்கைக்கீரை கொடுங்கள். பாலக்கை நம்பாதீர்கள், அதிலுள்ள ஆக்சலேட் கால்சியத்தைக் கட்டிப்போட்டுவிடும்.

தாம்பரம்: என்னுடையது தனிப் பறவை, ஆண் துணையே இல்லை. அதற்கு முட்டை சிக்குமா?

சிக்கும். ஆண் இல்லாமலும் முட்டை போடும், அது பொரியாது, அவ்வளவுதான்.

சேலம்: பானையில் ஐந்து முட்டை இருக்கிறது, 25 நாள் ஆச்சு, பொரிக்கவில்லை. கால்சியம் கொடுக்கட்டுமா?

இது வேறு கதை. 18 நாளில் பொரிக்க வேண்டியவை. டார்ச் வெளிச்சத்தில் பாருங்கள், ரத்த நாளம் தெரியாவிட்டால் கருவே இல்லை, அல்லது கரு உள்ளேயே இறந்துவிட்டது.

திண்டுக்கல்: எங்கள் தாத்தா காலத்திலிருந்து புறா வளர்க்கிறோம். முட்டை சிக்கினால் விளக்கெண்ணெய் இரண்டு சொட்டு பின்பக்கத் துவாரத்தில் விடுவோம், வந்துவிடும். இதற்கெல்லாம் ஊசி எதற்கு?

ஐயா, உங்கள் அனுபவத்தை மதிக்கிறேன். முட்டையின் நுனி துவாரத்தில் கண்ணுக்குத் தெரிகிறது என்றால் வழுவழுப்பு உதவலாம், அப்போதும் மருத்துவர்கள் தண்ணீரில் கரையும் ஜெல்லியைத்தான் தடவுகிறார்கள். பெரும்பாலும் முட்டை அதற்கு மேலே, குழாயின் சுருங்கிய வாய்க்குப் பின்னால் நிற்கிறது. வெளியே விட்ட சொட்டு அங்கே எட்டாது. இறகில் எண்ணெய் ஊறினால் பறவையால் உடம்புச் சூட்டைக் காக்க முடியாது. சூடு தேவைப்படும் நேரத்தில் குளிரவைக்கிறோம்.

திண்டுக்கல்: செய்து பார்க்காமல் பேசுகிறீர்கள். எங்களுக்குப் பத்தில் எட்டு பிழைத்திருக்கிறது.

செய்து பார்த்தேன், ஐயா. ஆரம்பத்தில் எனக்கும் அதைத்தான் சொல்லிக்கொடுத்தார்கள். முட்டை வந்தவை உண்டு. அந்தப் பறவைகளைக் கையிலே பொத்தி, அடுப்படிப் பக்கம் கதகதப்பாக வைத்திருந்தோம் என்பது பிறகுதான் உறைத்தது. சூட்டுக்கு வந்ததா எண்ணெய்க்கு வந்ததா என்று உங்களாலும் சொல்ல முடியாது, என்னாலும் முடியாது. புறா 300 கிராமுக்கு மேல் இருக்கும். அது தாங்கும் நேரத்தை 35 கிராம் பறவை தாங்காது.

பாலக்காடு: வாய் வழியாக விளக்கெண்ணெய் கொடுத்தால்?

கூடவே கூடாது. வாயில் போவது இரைப்பைக்குப் போகும், முட்டைக் குழாய்க்கும் அதற்கும் சம்பந்தமில்லை. சோர்ந்த பறவை விழுங்கத் தெரியாமல் நுரையீரலுக்கு இழுத்துவிடும். எண்ணெய் மட்டுமல்ல, தலை தொங்குகிற பறவைக்குத் தண்ணீரும் ஊற்றாதீர்கள்.

விழுப்புரம்: அப்போ டாக்டர் அப்படி என்னதான் செய்வார்? எங்கள் ஊரில் மாட்டு டாக்டர்தான் இருக்கிறார்.

எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். 2017 டிசம்பர், மதுரை. மஞ்சள் லுட்டினோ பெட்டை, பத்து மாதம்தான். அந்த வயதில் பானை கொடுத்ததே என் தவறு. இரண்டு முட்டை நன்றாக வந்தன. மூன்றாவது விரல் பட்டாலே அமுங்கியது. அதைப் பார்த்தும் நான் பானையை எடுக்கவில்லை. நான்காவது முட்டை நாளன்று விடிகாலை தரையில் இருந்தது, மூச்சுக்கு மூச்சு வால் மேலும் கீழும் ஆடியது. சூட்டில் வைத்தேன். ஒன்பது மணிக்குத் தினை கொத்தியது. தேறிவிட்டது என்று நினைத்துவிட்டேன். பகல் இரண்டு மணிக்கு வலது கால் மடங்கவில்லை. இடுப்புக்குள் கால் நரம்பை முட்டை அழுத்தியிருக்கிறது. சூடு தெம்பு கொடுத்ததே தவிர முட்டையை நகர்த்தவில்லை.

முதலில் போன இடத்தில் நாய் மட்டும்தான் பார்ப்போம் என்றார்கள், ஒரு மணி நேரம் போயிற்று. அடுத்த மருத்துவர் எக்ஸ்ரே எடுத்தார், ஓடு நிழல் போல மங்கலாகத் தெரிந்தது. ஓடே இல்லாத முட்டையாக இருந்தால் எக்ஸ்ரேயில் தெரியாமலும் போகும், ஸ்கேன் வேண்டும் என்றார். கால்சியம் குளுக்கோனேட் ஊசி, தோலுக்கடியில் கதகதப்பான சலைன், மறுபடி சூட்டுப் பெட்டி. குழாயின் வாய் தளர ஒரு ஜெல் தடவினார். ஒரு மணி நேரம் காத்திருந்தோம், வரவில்லை. பிறகு லேசாக மயக்க வாயு கொடுத்து, துவாரத்தை விரித்து, ஊசியால் முட்டைக்குள் இருப்பதை உறிஞ்சி, சுருங்கிய ஓட்டை மெல்ல எடுத்தார். ஊசி போடுவது, உறிஞ்சுவது இரண்டும் பார்க்க எளிது. வீட்டில் செய்யாதீர்கள், கால்சியம் அளவு கூடினால் இதயம் நின்றுவிடும்.

மாட்டு டாக்டரை ஒதுக்காதீர்கள். எடையைச் சொல்லி, கால்சியமும் சலைனும் கேளுங்கள். எடுக்க வேண்டிய கட்டம் வந்தால் சென்னை வேப்பேரியிலோ நாமக்கல்லிலோ உள்ள கால்நடை மருத்துவக் கல்லூரிக்கு போன் செய்துவிட்டுப் போங்கள், வழியெல்லாம் வெந்நீர் பாட்டிலைத் துண்டில் சுற்றி வைத்துக்கொண்டு.

மயிலாடுதுறை: பின்பக்கத்தில் தேங்காய் எண்ணெய் விடலாமா?

மேலே படியுங்கள்.

அண்ணா நகர்: ஈரப்பதம் வேண்டும், ஈரத்துணி போடு என்கிறார்கள். சென்னையில் ஏற்கனவே வியர்த்துக் கொட்டுகிறதே?

நல்ல கேள்வி. காற்றில் ஈரம் 60, 70 சதவீதம் இருக்க வேண்டும் என்பது வழக்கம். சென்னையில் பெரும்பாலான நாள் ஜன்னலைத் திறந்தாலே அது இருக்கிறது. பல்பு காற்றை உலர்த்தும் என்பதால் பெட்டிக்குள் ஒரு கிண்ணத்தில் தண்ணீர் போதும். ஏ.சி. அறையிலும் மலைப்பகுதிக் குளிரிலும் ஈரத்துணி உதவும், பறவை மேல் படாமல். ஈரம் மட்டும் எவ்வளவு உதவுகிறது என்பதில் எனக்கே முடிவு இல்லை, சூட்டோடு சேர்த்துத்தான் எல்லோரும் கொடுக்கிறோம். வெந்நீரில் உட்காரவைக்கச் சொல்பவர்கள் உண்டு. நனைந்த பறவை வெளியே வந்ததும் விறைத்துப்போகும், எனக்கு அதில் சம்மதமில்லை.

கரூர்: என் பெட்டையும் உப்பியிருக்கு, எண்ணெய்...

எண்ணெய் வேண்டாம். சூடு, பிறகு போன். ஓசூர்த் தம்பிக்குச் சொன்னதை அப்படியே செய்யுங்கள்.

ஓசூர்: அக்கா, டாக்டர் ஊசி போட்டு ஒன்றரை மணி நேரத்தில் முட்டை தானாக வந்துவிட்டது. ஓடு சொரசொரப்பாக இருக்கிறது. இடது கால் இன்னும் பிடிக்கவில்லை. நடக்குமா?

எங்கள் லுட்டினோ கம்பியைப் பிடிக்க ஒன்பது நாள் ஆயிற்று. சில பறவைக்கு இரண்டு நாளில் சரியாகும், சிலதுக்குத் திரும்புவதே இல்லை. இன்றே சொல்ல முடியாது. கம்பை எடுத்துவிட்டுத் துணித் தரையில் வையுங்கள், சூடு இன்னும் இரண்டு நாள் இருக்கட்டும்.

அடுத்த முட்டை நாளை மறுநாள் வரலாம், அதுதான் என் கவலை. பானையையும் ஆணையும் இன்றே பிரியுங்கள். மாலை ஆறு மணிக்குக் கூண்டை மூடிவிடுங்கள், பகல் நீளம் குறைந்தால் முட்டைக்கான உந்துதல் குறையும். கால்சியம் எத்தனை நாள் தொடர வேண்டும் என்று அதே மருத்துவரிடம் கேளுங்கள். அப்படியும் முட்டை தொடர்ந்தால் அதை நிறுத்த ஹார்மோன் ஊசி உண்டு, அதையும் கேட்டு வையுங்கள். ஞாயிறு காலை எழுந்ததும் முதலில் தரையைப் பாருங்கள், எனக்கும் எழுதுங்கள்.