வராத கேன் யார் கணக்கில்?

கேள்வி: வக்கீல் ஐயாவுக்கு வணக்கம். நகரியில் 20 லிட்டர் கேன் தண்ணீர் பிளான்ட் வைத்திருக்கிறேன். திருத்தணி, பள்ளிப்பட்டு பக்கம் 30 கடைக்குப் போடுகிறேன். சுற்றில் 1,200 கேன். ஒரு கேன் எனக்கு 190 ரூபாய் அடக்கம், கடைக்காரரிடம் வாங்கும் டெபாசிட் 150. திருத்தணியில் 80 கேன் வைத்திருந்த ஒருவர் கடையை மூடிவிட்டார். 52 தான் திரும்பி வந்தது. அதிலும் 9 உடைசல்: ஆறில் அடியில் கோடு மாதிரி விரிசல், மூன்றில் வாய் நசுங்கியிருக்கிறது. இப்போது 12,000 டெபாசிட்டையும் முழுசாகக் கேட்டு நோட்டீஸ் விட்டிருக்கிறார். எங்கள் ஆடிட்டரோ, வராத கேனின் டெபாசிட் எல்லாம் வருமானம் என்று எழுதிவிட்டார். போன வருடம் மட்டும் 800 கேன் புதிதாக வாங்கினேன். இந்த நஷ்டத்தை எதில் காட்டுவது? அவருக்கு எவ்வளவு கொடுக்க வேண்டும்?

பதில்: முதலில் உங்கள் டெபாசிட் ரசீதை எடுத்துப் பாருங்கள். "கேன் கம்பெனியின் சொத்து, கடைக்காரர் அதைத் திருப்பித் தரக் கடமைப்பட்டவர்" என்று அதில் எங்காவது இருக்கிறதா? பெரும்பாலான பிளான்ட் ரசீதுகளில் "டெபாசிட் ரூ.150, கேன் கொடுத்தால் திருப்பித் தரப்படும்" என்று மட்டும்தான் இருக்கும். இரண்டும் ஒன்றுபோலத் தெரியும். நீதிமன்றத்தில் வழக்கே இந்த வித்தியாசத்தில் திரும்பியிருக்கிறது.

1959-இல் உச்ச நீதிமன்றம் தீர்த்த பஞ்சாப் டிஸ்டில்லிங் வழக்கு இதுதான். சாராய ஆலை ஒன்று, காலி பாட்டில் திரும்பி வருவதற்காக மொத்த வியாபாரிகளிடம் டெபாசிட் வாங்கியது. பாட்டில் வந்தால் பணம் திரும்பும். ஆனால் பாட்டிலைத் திருப்பியே ஆகவேண்டும் என்ற கடமை வியாபாரிக்கு இல்லை. கடமையே இல்லாதபோது எதற்கு ஈடாக அந்த டெபாசிட் என்று கேட்ட நீதிமன்றம், அது சரக்கு விற்பனையோடு சேர்ந்த வரவு, வாங்கிய அன்றே வியாபார வருமானம் என்று சொல்லிவிட்டது. "செக்யூரிட்டி டெபாசிட்" என்று பெயர் வைத்தது ஆலையைக் காப்பாற்றவில்லை. 1997-இல் யுனைடெட் புரூவரீஸ் நிறுவனத்துக்கும் ஆந்திர அரசுக்கும் நடந்த விற்பனை வரி வழக்கில் முடிவு மறுபக்கம் போனது. பீர் பாட்டிலையும் கிரேட்டையும் விற்கும் நோக்கம் அங்கே இல்லை, அதனால் திருப்பித் தரவேண்டிய டெபாசிட்டின் மேல் விற்பனை வரி கிடையாது என்றது உச்ச நீதிமன்றம்.

ஆகவே உங்கள் ஆடிட்டரைக் குறை சொல்லவும் முடியாது, அப்படியே ஏற்கவும் முடியாது. ரசீதில் திருப்பும் கடமை எழுதியிருந்தால், கேன் உங்களுடையது; கடைக்காரர் அதை ஒப்படைப்பாக வைத்திருப்பவர். 1872-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 148-ஆம் பிரிவு சொல்லும் பெயில்மென்ட் இதுதான். அப்போது டெபாசிட் நீங்கள் அவருக்குத் தரவேண்டிய கடன், லெட்ஜரில் பொறுப்புப் பக்கம் நிற்க வேண்டியது. கடமை எழுதப்படவில்லை என்றால் ஆடிட்டர் பயப்படுவதில் நியாயம் இருக்கிறது. அடுத்த ரசீதுப் புத்தகம் அச்சடிக்கும்போதே இந்த ஒரு வரியைச் சேர்த்துவிடுங்கள்.

கடமை எழுதியிருந்தாலும், வரவேண்டிய தேதி தாண்டிய கேனை எல்லாம் "வராது" என்று முடிவுகட்டி டெபாசிட்டை வருமானத்துக்கு மாற்றக் கூடாது. ஓடிக்கொண்டிருக்கும் கடையில் கேன் இன்றைக்குக் குறையும், அடுத்த வாரம் இரண்டு கூட வரும். மூன்று வருடம் கடந்துவிட்டது, இனி கேட்க முடியாது என்று சிலர் எழுதித் தள்ளுவதையும் பார்த்திருக்கிறேன். கேட்டவுடன் தருவதாக வாங்கிய டெபாசிட்டுக்கு, காலவரையறைச் சட்டத்தின் 22-ஆவது இனப்படி மூன்று வருடம் ஓடத் தொடங்குவது அவர் கேட்ட நாளிலிருந்துதான், நீங்கள் வாங்கிய நாளிலிருந்து அல்ல. கடையோடு கணக்கை முடித்து, இரு தரப்பும் கையெழுத்துப் போட்ட பிறகே அந்தத் தொகை வருமானப் பக்கம் நகர வேண்டும்.

இனி திருத்தணிக்காரர். வந்ததில் 43 கேன் நல்லது. அதற்கு 6,450 ரூபாய் பேச்சே இல்லாமல் கொடுக்க வேண்டியது. உடைசல் ஒன்பதையும் ஒரே கூட்டில் போடாதீர்கள். ஒப்படைக்கப்பட்ட பொருளை, சாதாரண விவேகமுள்ள ஒருவர் தன் பொருளைக் கவனிப்பதுபோல் கவனித்தால் போதும் என்கிறது 151-ஆம் பிரிவு. அப்படிக் கவனித்தும் கெட்டுப்போனால் அவர் பொறுப்பில்லை என்கிறது 152. அடியில் கோடு விழுந்த ஆறும் கழுவிக் கழுவி, வெயில் பட்டு வந்த தேய்மானமாகவே தெரிகிறது. அது உங்கள் தொழிலின் செலவு, அவர் தலையில் கட்ட முடியாது. வாய் நசுங்கிய மூன்றும் கீழே போட்டதால் ஆனது. கவனமாக இருந்தேன் என்று காட்டவேண்டியவர் அவர். அந்த மூன்றையும் போட்டோ எடுத்து, தூக்கிப் போடாமல் வையுங்கள்.

வராத 28 கேனுக்கு 161-ஆம் பிரிவு உங்கள் பக்கம். ஆனால் 28-உம் நசுங்கிய 3-உம் சேர்ந்த 31 கேனுக்கும் தலா 150 பிடித்துக்கொள்ளலாமா? ஒப்பந்தச் சட்டத்தின் 74-ஆம் பிரிவில், எழுதிய தொகை உச்சவரம்பு மட்டும்தான். அதற்குள் நியாயமான இழப்பீடு எவ்வளவோ அவ்வளவுதான் கிடைக்கும். நஷ்டத்தை நிரூபிக்க முடிகிற இடத்தில் நிரூபித்தே ஆகவேண்டும் என்று 2015-இல் கைலாஷ் நாத் வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது. கேன் எத்தனை சுற்றுக்கு வரும் என்று காட்டும் அடக்கக் கணக்கு உங்களிடம் இருந்தால், நீதிமன்றத்தில் அதுதான் சாட்சி. இல்லாவிட்டால் 150 என்பது வாய்ச்சொல்.

அந்தக் கணக்கை எப்படிப் போடுவது என்று பார்ப்போம். நீங்கள் வருடத்துக்கு 48,000 தடவை நிரப்புவதாக உதாரணத்துக்கு வைத்துக்கொள்வோம்; சரியான எண் உங்கள் பில் புத்தகத்தில் இருக்கும். சுற்றில் எப்போதும் 1,200 கேன் இருக்க, 800 புதிதாக வாங்கவேண்டி வந்தது என்றால், 800 கேன் செத்திருக்கிறது. 48,000-ஐ 800-ஆல் வகுத்தால், ஒரு கேனின் சராசரி ஆயுள் 60 நடை. கடை விரிவானதற்காகக் கூடுதலாக வாங்கிய கேன் இருந்தால் அதை இந்த 800-இல் சேர்க்காதீர்கள். அது முதலீடு, இந்த வருடச் செலவு ஆகாது. எல்லோரும் தவறுவது இங்கேதான்.

800-இல் 480 உடைந்தது, 320 வராதது என்று வைப்போம். வாங்கிய செலவு 1,52,000. உடைந்த கேனைப் பழைய பிளாஸ்டிக்காகத் தலா 20-க்குப் போட்டால் 9,600 திரும்பும். மீதி 1,42,400-ஐ 48,000 நடைக்குப் பங்கிட்டால், ஒரு கேன் தண்ணீரில் 2 ரூபாய் 97 காசு வெறும் கேனுக்கே போகிறது. வராத 320-க்கும் கணக்கு முடித்து, தலா 150 உங்களிடமே நின்றுவிட்டால் 48,000 கழியும். அப்போது 1 ரூபாய் 97 காசு. கடை கடையாகக் கணக்கு முடிக்காதவரை உங்கள் விலைப் பட்டியலில் இருக்கவேண்டியது 2.97, அந்த 1.97 அல்ல. டெபாசிட் கையில் இருக்கிறது என்ற தைரியத்தில் ஒரு ரூபாய் குறைத்து விற்று, பிறகு கடைக்காரர்கள் வரிசையாக டெபாசிட் கேட்கும்போது திணறுகிற பிளான்ட்காரர்களை எனக்குத் தெரியும்.

அடக்கக் கணக்குத் தரநிலை சி.ஏ.எஸ். 9-உம் இதையே சொல்கிறது. திரும்பத் திரும்பப் பயன்படும் பேக்கிங்கின் செலவை, எத்தனை தடவை பயன்படுமோ அதைப் பார்த்துப் பங்கிட வேண்டும். ஆனால் ஒரே கடை மூடியதால் போன 28 கேனை அதில் நுழைக்காதீர்கள். அது வழக்கமான தேய்மானம் அல்ல, வழக்கத்துக்கு மாறான நஷ்டம். தண்ணீரின் அடக்கத்தில் ஏற்றினால் அடுத்த வருடம் மற்ற 29 கடைக்கும் தப்பான விலை சொல்வீர்கள். லாப நட்டக் கணக்கில் தனி வரியாக எழுதுங்கள்.

இப்போது 31 கேனுக்கு வருவோம். புதுசு 190, கடைசியில் 20. கலந்த வயதுக் கேன்கள் சராசரியாகப் பாதி ஆயுள் கழிந்தவை என்று எடுத்தால் ஒன்றின் மதிப்பு சுமார் 105. அதன்படி உங்கள் நஷ்டம் 3,255. நீங்கள் பிடிக்க நினைப்பது 4,650. அதாவது அவருக்குத் தரவேண்டியது குறைந்தபட்சம் 7,350, அவர் நன்றாக வாதாடினால் 8,745. நடுவில் உள்ளது 1,395 ரூபாய். இதற்காக மாநில எல்லை தாண்டி வாய்தாவுக்கு அலைவதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். அவருக்கும் 12,000 கிடைக்காது என்பது அவருடைய வக்கீலுக்கே தெரிந்திருக்கும்.

ஜி.எஸ்.டி.யைச் சுருக்கமாகச் சொல்கிறேன். டெபாசிட்டை விலையாக நீங்கள் சரிக்கட்டாதவரை அது சரக்குக்கான தொகையே அல்ல என்கிறது 2(31)-ஆம் பிரிவு. பிடித்துக்கொள்ளும் நாளில்தான் கேள்வி வரும். ரசீதில் "திரும்பாத கேன் 150-க்கு விற்றதாகக் கருதப்படும்" என்று எழுதியிருந்தால் வரி கட்ட வேண்டும். "இழப்பீடு" என்று இருந்தால், ஒப்பந்தம் மீறியதற்கான இழப்பீட்டுக்கு வரி இல்லை என்று 2022 ஆகஸ்ட் 3-ஆம் தேதிய 178-ஆவது சுற்றறிக்கையைக் காட்டலாம். ஆனால் அப்போது காணாமல்போன கேனுக்கு வாங்கும்போது எடுத்த உள்ளீட்டு வரியை, 17(5)(எச்) பிரிவின்படி திருப்பிக் கட்டச் சொல்வார்கள். இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுத்து எல்லாக் கடைக்கும் அதையே பின்பற்றுங்கள். இன்னொன்று: ஆந்திராவிலிருந்து தமிழ்நாட்டுக் கடைக்குப் போடுகிறவர் காம்போசிஷன் திட்டத்தில் இருக்க முடியாது. இருந்தால் முதலில் அதைச் சரிசெய்யுங்கள்.

நோட்டீசுக்குப் பதில் இப்படிப் போகட்டும். 80 கேன் கொடுத்த சலான்களின் நகல், 52 வாங்கிய நாளில் அவர் ஆள் போட்ட கையெழுத்து, உடைசல் போட்டோ இவற்றை இணையுங்கள். வேறு கம்பெனி கேன் கலந்து வந்ததா என்று பார்த்து, வந்திருந்தால் எண்ணிக்கையிலிருந்து கழித்து எழுதுங்கள். நல்ல 43, தேய்ந்த 6 ஆகியவற்றுக்கு 7,350 ரூபாய் காசோலையை அதோடு வையுங்கள். மீதி 28 கேனில் எத்தனை 15 நாளுக்குள் நல்ல நிலையில் வருகிறதோ அத்தனைக்கும் 150 வீதம் தருவதாகச் சொல்லுங்கள். கடையைக் காலி செய்யும்போது பின்கட்டில் பத்துப் பதினைந்து கேன் கிடப்பது வழக்கம். அவை வந்துவிட்டால் மிச்சத்தை 105-க்கும் 150-க்கும் நடுவில் பேசி முடித்து, "டெபாசிட் கணக்குத் தீர்ந்தது" என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். அந்தத் தாளின் தேதியில்தான் உங்கள் ஆடிட்டர் வருமான வரவு எழுத வேண்டும்.