வெளிநாட்டுப் பிள்ளைகளிடம் ஹோம் நர்சிங்கைக் கொண்டுபோவது எப்படி? கேள்வி பதில்

திருச்சியில் 11 வருடமாக ஹோம் நர்சிங் நடத்துகிறேன். என் வாடிக்கையாளர்களில் பாதிப் பேர் இங்கே இல்லை. அப்பா அம்மா இங்கே, பணம் கட்டுகிறவர் அங்கே. அதைப் பற்றி வந்த கேள்விகளில் சில.

கரூர்: அக்கா, பேஸ்புக்கில் 15 நாள் விளம்பரம் போட்டேன். 60 கால் வந்தது, அதில் 50 பேர் வேலை கேட்டவர்கள். வெளிநாட்டிலிருந்து ஒரு கால்கூட இல்லை.

நீங்கள் அனுப்பிய போஸ்டரைப் பார்த்தேன். வெள்ளைச் சீருடையில் ஒரு பெண் சிரிக்கிறாள், கீழே "ஹோம் நர்ஸ்" என்று பெரிதாக, அதற்கும் கீழே போன் நம்பர். எனக்கே ஆள் எடுக்கிறீர்கள் என்றுதான் தோன்றியது.

அப்பாவை ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டார்கள் என்று தெரிந்த மகன் பேஸ்புக்கில் தேடமாட்டான். கூகுளில் ஊர்ப் பெயரோடு தேடுவான். அதனால் கூகுள் விளம்பரத்தில் இடம் என்ற இடத்தில் கரூரை வைக்காமல், அமெரிக்கா, சிங்கப்பூர், அமீரகம் என்று உங்கள் ஊர்ப் பிள்ளைகள் இருக்கும் நாடுகளை வையுங்கள். ஊர்ப் பெயர் தேடுசொல்லில் வரட்டும்: home nurse karur, patient care karur. jobs, salary, vacancy, course என்ற நான்கையும் விலக்கும் சொற்களில் போட்டுவிட்டால் வேலை கேட்கும் கால் பெருமளவு குறையும்.

அப்புறம், உங்கள் நம்பர் 1800-ல் தொடங்குகிறது. வெளிநாட்டிலிருந்து அது பொதுவாகப் போகாது. +91 போட்ட சாதாரண மொபைல் நம்பரும் ஒரு வாட்ஸ்அப் இணைப்பும் போதும்.

மதுரை: அவர்கள் நடுராத்திரியில் கேட்கிறார்கள். அதற்கு ஒரு ஆளை உட்கார வைக்கக் கட்டுமா?

நடுராத்திரி எல்லாருக்கும் இல்லை. நியூஜெர்சியில் பிள்ளைகளைத் தூங்க வைத்துவிட்டு இரவு 9 மணிக்குப் போனை எடுத்தால் நமக்குக் கோடையில் காலை 6.30, குளிர்காலத்தில் 7.30. சிங்கப்பூர் இரவு 9 என்றால் நமக்கு மாலை 6.30. நான் காலை 6 மணிக்கே போனைத் திறந்துவிடுவேன், அவ்வளவுதான். லண்டன் ஒன்றுதான் இடைஞ்சல், அவர்கள் இரவு நமக்குத் தூக்க நேரம். அவர்களுக்கு எழுந்ததும் பதில்.

தஞ்சாவூர்: எல்லாரும் "அன்பான பராமரிப்பு" என்றுதான் போடுகிறோம். வேறு என்னதான் காட்டுவது?

தினமும் அனுப்பும் ரிப்போர்ட்டைக் காட்டுங்கள். எனக்குத் தெரிந்து இதைவிட நன்றாக வேலை செய்தது எதுவும் இல்லை.

ஸ்ரீரங்கத்தில் ஒரு பெரியவர், பக்கவாதம் வந்து இடது பக்கம் விழுந்துவிட்டது. மகள் நியூஜெர்சியில். மூன்று இடத்தில் விசாரித்திருக்கிறார். இரண்டு இடம் ரேட் கார்டு அனுப்பியது. நான் வேறொரு வீட்டின் பழைய ரிப்போர்ட் ஒன்றை, அந்த வீட்டாரைக் கேட்டு, பெயரும் ஊரும் எடுத்துவிட்டு அனுப்பினேன். அது இப்படி இருந்தது:

"காலை 7.10. வெறும் வயிற்றில் சுகர் 142. இன்சுலின் போட்டாச்சு. இரண்டு இட்லி, அரை டம்ளர் பால். மோஷன் போகவில்லை, இன்றோடு இரண்டு நாள். இடுப்புக்குக் கீழே சிவந்திருக்கிறது, அழுத்திப் பார்த்தால் வெளுக்கவில்லை. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பிப் படுக்க வைக்கிறோம். டாக்டருக்குப் படம் அனுப்பியிருக்கிறோம்."

அவர் ரேட்டையே கேட்கவில்லை. "சிவந்திருக்கு என்று நீங்களாகவே சொல்வீர்களா?" என்றார். அந்தச் சிவப்பு படுக்கைப்புண்ணின் ஆரம்பம். வீட்டில் இருப்பவர்கள் "அப்பா நல்லா இருக்காங்க" என்றுதான் சொல்வார்கள், பொய் சொல்ல வேண்டும் என்று இல்லை, தூரத்தில் இருக்கும் பிள்ளை பயப்படக்கூடாது என்று. அந்த மூடுமந்திரம்தான் இவர்களைத் தூங்கவிடாதது.

பிறகு எங்கள் ஸ்டாஃப் நர்ஸ் வீட்டுக்குப் போனார். வீடியோவில் மகளும் இருந்தார். கட்டில் உயரம், பாத்ரூம் படி, மருந்துச் சீட்டு எல்லாம் பார்த்தோம். மூன்று நாள் சோதனை, பிடிக்காவிட்டால் அந்த மூன்று நாள் பணம் மட்டும். எழுதிக் கொடுத்ததில் ஒரு வரி: "24 மணி நேரம் ஒரே ஆள் என்றால் அவர் இரவில் தூங்குவார். இரவு விழித்திருக்க ஆள் வேண்டுமென்றால் இரண்டு ஷிஃப்ட்." அதைப் படித்துவிட்டு அவரே இரண்டு ஷிஃப்ட் கேட்டார்.

சேலம்: டாலரில் சம்பளம் வாங்குகிறவர்கள். அவர்களுக்கு ரேட்டைக் கூட்டிச் சொல்லலாம் என்பது என் அனுபவம்.

பாதி சரி. வாராவாரம் வீடியோ கால், அவர்கள் நேரத்துக்குப் பேச ஒரு ஆள், ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக ஒரு பொறுப்பாளர் என்று கூடுதலாகச் செய்தால் கூடுதலாக வாங்குங்கள், யாரும் முகம் சுளிக்கமாட்டார்கள். அதே வேலைக்கு இரண்டு ரேட் வைத்தால் மாட்டிக்கொள்வீர்கள். மகன் உங்களிடம் பேசி முடித்ததும் ஊரிலிருக்கும் சித்தப்பாவிடம் சொல்வான். சித்தப்பா யாரோ போலக் கூப்பிட்டு ரேட் கேட்பார். என்னிடமே பலமுறை கேட்டிருக்கிறார்கள்.

டொரண்டோ: நான் சேவை நடத்துகிறவள் இல்லை. அம்மா மயிலாடுதுறையில் தனியாக இருக்கிறார். நர்ஸ் என்றாலே "நான் என்ன சீக்காளியா" என்று விரட்டுகிறார். என்ன செய்வது?

சரி, கேள்வி வேறு என்றாலும் இங்கே எல்லாரும் படிக்க வேண்டியதுதான். "நர்ஸ்" என்ற சொல்லோடு நுழைய வேண்டாம். முதலில் வாரம் இரண்டு நாள் பிரஷர், சுகர் பார்க்க ஒருவர் வரட்டும், அதே முகம் வரட்டும். அம்மா காபி கொடுக்கத் தொடங்கியதும் நாட்களைக் கூட்டலாம். என்னிடம் இப்படி வந்த வீடுகள் உண்டு. கடைசி வரை கதவைத் திறக்காத ஒரு அம்மாவும் உண்டு.

சேவை நடத்துகிறவர்களுக்கு: பணம் கொடுப்பது மகள், வேண்டாம் என்று சொல்ல முடிந்தவர் அம்மா. உங்கள் பேச்சு மகளோடு முடிந்துவிட்டால் நான்காம் நாள் நீங்கள் அனுப்பிய பெண் பையோடு திரும்பி வருவாள்.

நாகர்கோவில்: மன்னிக்கவும், ரிப்போர்ட் எல்லாம் சரிதான். எங்கள் பக்கம் சர்ச்சும் சொந்தக்காரர் வாய்மொழியும்தான். விளம்பரத்துக்கு ஒரு ரூபாய் செலவழித்ததில்லை. ஒன்று மட்டும் சொல்கிறேன், ஆறு மாதப் பயிற்சி எடுத்தவரை "நர்ஸ்" என்று போடுவதை நிறுத்துங்கள்.

வாய்மொழி போதும் என்றால் கொடுத்துவைத்தவர். திருச்சியில் எனக்கு அது போதவில்லை. இரண்டாவது சொன்னதில் முழு உடன்பாடு. ஜிஎன்எம் மூன்று வருடப் படிப்பு, கவுன்சில் பதிவும் உண்டு. மற்றவர் அட்டெண்டர். ஊசி, டியூப் ஃபீடிங் வேண்டிய வீட்டுக்கு அட்டெண்டரை நர்ஸ் என்று அனுப்பினால், அந்த மகளுக்குத் தெரிந்த டாக்டர் ஒருவர் அங்கேயும் இருப்பார், இரண்டு கேள்வியில் தெரிந்துவிடும். விளம்பரத்திலேயே இருவரையும் தனித்தனியாகப் போடுங்கள்.

கோவை: டிஸ்சார்ஜ் ஆகும் நோயாளியை அனுப்பும் டாக்டருக்கு கமிஷன் கொடுக்கலாமா?

கூடாது. டாக்டர்கள் கமிஷன் வாங்குவதை 2002-ம் ஆண்டின் மருத்துவ நடத்தை விதிகளே தடை செய்கின்றன. வார்டு சிஸ்டரிடமும் பிசியோதெரபிஸ்ட்டிடமும் உங்கள் ரிப்போர்ட் மாதிரியைக் கொடுத்து வையுங்கள்.

திருநெல்வேலி: எந்த மாதத்தில் செலவு செய்தால் பலன்?

டிசம்பர் கடைசியும், ஜூலை, ஆகஸ்ட்டும். லீவுக்கு வரும்போதுதான் அம்மா சுவரைப் பிடித்து நடப்பதைக் கண்ணால் பார்க்கிறார்கள். வந்த முதல் வாரம் கோயில், கல்யாணம் என்று போய்விடும். திரும்பிப் போக நான்கு நாள் இருக்கும்போதுதான் போன் வரும், அதுவும் "நாளைக்கே ஆள் வேண்டும்" என்று. அந்த வாரங்களில் இரண்டு பேரைக் கையில் வைத்திருங்கள். பொங்கலுக்கு நம் பெண்களே ஊருக்குப் போய்விடுவார்கள், அதற்கு இன்னும் எனக்கு வழி கிடைக்கவில்லை.