ஒரு நிமிடத்தில் தாழ்ந்துவிடும் கைகள்

ஐயா, எனக்கு வயது 34. சுங்கை சிப்புட் பக்கத்தில் ஒரு செம்பனை எண்ணெய் ஆலையில், எடை மேடையில் கணக்கெழுதும் வேலை. வயிற்றுச் சதையைக் குறைப்பதற்காக இரண்டு வாரமாக வீட்டு முன்னால், கைப்பேசியில் பார்த்து நிழல் குத்துச்சண்டை பழகுகிறேன். ஒரு நிமிடம் ஆவதற்குள் தோள் எரிந்து கை தானாகக் கீழே வந்துவிடுகிறது. ஊரில் பயிற்சி கொடுக்கும் ஒருவர், ஒரு கிலோ கைக்கட்டைகளைப் பிடித்துக்கொண்டு குத்தினால் தோள் பலப்படும் என்று சொல்லி, கையுறையோடு சேர்த்து 380 ரிங்கிட் கேட்கிறார். வாங்கலாமா?

வாங்க வேண்டாம். கையில் பிடித்த கட்டை உங்கள் கையைத் தரையை நோக்கி இழுக்கிறது. உங்கள் குத்தோ நேர் எதிரே போகிறது. ஆகவே கட்டையைப் பிடித்துக் குத்துகிறவர் குத்துவதற்குப் பழகுவதில்லை, கட்டை கீழே விழாமல் தாங்குவதற்கே பழகுகிறார். இதைவிடப் பெரிய கேடு ஒன்றும் உண்டு. மணல் மூட்டையில் குத்தும்போது கையை மூட்டை நிறுத்துகிறது. காற்றில் குத்தும்போது அதை நிறுத்துவதற்கு எதுவும் இல்லை என்பதால், தோளின் பின்புறத்தில் இருக்கும் சிறிய தசைகள்தாம் ஒவ்வொரு முறையும் பிரேக் பிடிக்கின்றன. வெறுங்கையை நிறுத்தவே பழகாத அந்தத் தசைகளிடம் ஒரு கிலோவையும் சேர்த்து நிறுத்தச் சொன்னால், அவை முடியாமல் விட்டுக்கொடுக்கும். அப்போது முழங்கை மூட்டு சடக்கென்று நீண்டு அடிபடும்.

இந்த வியாபாரத்தை நான் பல ஆண்டுகளாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். முதுகில் பயிற்றுநர் என்று அச்சடித்த சட்டை ஒன்றைப் போட்டுக்கொண்டால் போதும், யாரும் எதையும் கேட்பதில்லை. இப்படிப்பட்டவர்கள் நிற்கக் கற்றுத்தருவதற்கு முன்பே சாமானை விற்பார்கள். முதலில் கைக்கட்டை, பிறகு வியர்வை கொட்டவைக்கும் ரப்பர் சட்டை, அதற்கும் பிறகு தோள் வலி வந்ததும் தைலம். ரப்பர் சட்டையால் குறைவது உடலிலிருந்து வெளியேறிய நீரின் எடை மட்டுமே. இரண்டு குவளை தண்ணீர் குடித்தால் அது திரும்பி வந்துவிடும், நம் ஊர் வெப்பத்தில் அதைப் போட்டுக்கொண்டு ஆடினால் மயக்கமும் வரும். ஒருவர் நல்ல பயிற்றுநரா என்று அறிவதற்கு எளிய வழி, முதல் நாளில் அவர் உங்கள் கையைப் பார்க்கிறாரா, காலைப் பார்க்கிறாரா என்று கவனிப்பதுதான்.

உங்கள் தோள் எரிவதற்கான காரணத்துக்கு வருகிறேன். ஒரு மனிதனின் ஒரு கையின் எடை ஏறக்குறைய அவனுடைய உடல் எடையில் 5 விழுக்காடு. 80 கிலோ உள்ளவருக்கு ஒரு கை மட்டுமே 4 கிலோ. ஒரு வாளித் தண்ணீரை உடம்போடு ஒட்டிப் பிடிப்பதற்கும், கையை நீட்டிப் பிடிப்பதற்கும் எவ்வளவு வேறுபாடு உண்டோ, அவ்வளவு வேறுபாடு கை முட்டியைக் கன்னத்தருகே வைப்பதற்கும் முகத்துக்கு ஓரடி முன்னால் வைப்பதற்கும் உண்டு. புதிதாகப் பழகுகிற அனைவரும் முழங்கையைக் கோழி இறக்கையைப் போல் வெளியே விரித்து, முட்டியை முன்னே நீட்டி, தோளைக் காதுவரை தூக்கிக்கொண்டுதான் நிற்கிறார்கள். முழங்கை விலாவைத் தொடும்படி தொங்க வேண்டும். முட்டி கன்ன எலும்பின் உயரத்தில், கன்னத்திலிருந்து நான்கு விரல் தள்ளி இருக்க வேண்டும். உள்ளங்கை இறுகாமல், ஒரு கோழிக்குஞ்சைப் பிடித்திருப்பதைப் போல் தளர்ந்து, குத்து முடியும் அந்தக் கணத்தில் மட்டும் இறுக வேண்டும். மடித்த நாளிதழ் ஒன்றைக் கக்கத்துக்குக் கீழே, கைக்கும் விலாவுக்கும் இடையில் செருகிக்கொண்டு முட்டியைத் தூக்கி நின்று பாருங்கள். நாளிதழ் விழுந்தால் முழங்கை விரிந்துவிட்டது என்று பொருள்.

ஆனால் கையை மட்டும் திருத்தினால் பாதிதான் தீரும், ஏனெனில் கால் தப்பாக இருந்தால் தோள் அந்த வேலையையும் இழுத்துப்போட்டுச் செய்கிறது. வீட்டு முன்னால் உள்ள சிமெந்துத் தரையில் சுண்ணக்கட்டியால் நேர்கோடு ஒன்றை, உங்களிடமிருந்து எதிரே போகும்படி வரையுங்கள். தோள் அகலத்துக்குக் காலை விரித்து, கோடு நடுவில் வரும்படி நின்று, வலக்காலை இயல்பாக நடக்கும் ஓர் அடி அளவுக்குப் பின்னால் வையுங்கள். இடப் பாதம் கோட்டுக்கு இடப்பக்கமும் வலப் பாதம் வலப்பக்கமும் இருக்க வேண்டும். இரண்டும் ஒரே கோட்டின்மேல் வந்துவிட்டால், கம்பியில் நடப்பவரைப் போல் பக்கவாட்டில் ஆட்டம் காணுவீர்கள், அந்த ஆட்டத்தைச் சமாளிக்கத் தோள் இறுகும். இரண்டு பாதங்களும் பாதி வலப்பக்கம் திரும்பியிருக்கட்டும், முழங்கால்கள் சற்று மடிந்திருக்கட்டும், வலக் குதிகால் தரையிலிருந்து ஒரு விரல் உயரம் எழும்பியிருக்கட்டும். வீட்டில் யாரையாவது உங்கள் மார்பில் கை வைத்து மெல்லத் தள்ளச் சொல்லுங்கள். பின்னால் ஒரு காலை எடுத்து வைக்காமல் தாங்க முடிந்தால் நிலை சரி.

நகர்வதற்கு விதி ஒன்றே. எந்தத் திசைக்குப் போகிறீர்களோ அந்தத் திசைக்குப் பக்கத்தில் உள்ள கால் முதலில் நகர வேண்டும், மற்றக் கால் அதே அளவு தொடர வேண்டும். முன்னே போக இடக்கால், பின்னே வர வலக்கால், இடப்பக்கம் போக இடக்கால், வலப்பக்கம் போக வலக்கால். ஒரு சாணுக்கு மேல் நகர வேண்டியதில்லை, கால்கள் ஒன்றையொன்று தாண்டவே கூடாது. பத்து முறை முன்னும் பின்னும் நகர்ந்தபின் அசையாமல் நின்று கீழே பாருங்கள்; தொடங்கியபோது இருந்த அதே இடைவெளி இருக்கிறதா, கோடு இன்னும் நடுவில் இருக்கிறதா என்று தெரிந்துவிடும். இடக்கை நேர்க்குத்தை இந்த நகர்வோடு சேருங்கள்: இடப் பாதம் தரையில் படும் நொடியும் கை நீளும் நொடியும் ஒன்றாக இருக்க வேண்டும், குத்தோடு மூச்சு வெளியே போக வேண்டும். முழங்கை முற்றிலும் பூட்டிக்கொள்வதற்குச் சற்று முன்பே கையை நிறுத்தி, போன வழியிலேயே கன்னத்துக்குத் திருப்பிக் கொண்டுவாருங்கள். வலக்கைக் குத்துக்கு வலக் குதிகால் வெளிப்பக்கமாகத் திரும்ப வேண்டும், அதோடு இடுப்பும் திரும்பும். தரையில் கொஞ்சம் சுண்ணத்தூளைத் தூவிக்கொண்டு குத்தினால், குதிகால் திரும்பியவருக்கு வில்லைப் போன்ற தடம் கிடைக்கும். தடம் இல்லாதவர் தோளால் மட்டுமே குத்தியிருக்கிறார்.

இனி தோளின் தாங்கும் திறனை வளர்ப்பது. வாரத்தில் மூன்று நாள், ஒன்றுவிட்டு ஒரு நாளாகச் செய்யுங்கள். முதல் வாரத்தில் ஒரு நிமிடச் சுற்று நான்கு, ஒவ்வொன்றுக்கும் இடையில் ஒரு நிமிட ஓய்வு. முதல் இரண்டு சுற்றில் கைகளைத் தொங்கவிட்டுக் கால் மட்டும். அடுத்த இரண்டில் கையைத் தூக்கி, இருபது நொடி மெதுவாக இடக்கைக் குத்து, பத்து நொடி குத்தாமல் நகர்தல், மீண்டும் அப்படியே. முட்டி வாய்க்குக் கீழே இறங்கிய நொடியில் அந்தச் சுற்றை முடித்துவிடுங்கள். தாழ்ந்த கையோடு தொடர்ந்தால் தாழ்ந்த கையைத்தான் உடல் கற்றுக்கொள்ளும். ஒவ்வொரு வாரமும் சுற்றுக்குப் பதினைந்து நொடி மட்டும் கூட்டுங்கள், ஓய்வு ஒரு நிமிடமாகவே இருக்கட்டும். ஒன்பதாவது வாரத்தில் மூன்று நிமிடத்துக்கு வந்துவிடுவீர்கள், அதுதான் ஆடவர் போட்டியின் ஒரு சுற்று. நான் மேலே சொன்ன பிரேக் தசைகளுக்காக, பழைய சைக்கிள் ட்யூப் ஒன்றைச் சன்னல் கம்பியில் மாட்டி, இரு முனைகளையும் பிடித்து, முழங்கை விலாவை உரசும்படி பின்னோக்கிப் பதினைந்து முறை இழுங்கள். பயிற்சி முடிந்தபின் இரண்டு தடவை செய்தால் போதும். வெடிப்பு விழுந்த ட்யூபாக மட்டும் இருக்கக் கூடாது.

உங்கள் வேலைக்கு இது பொருந்தாது என்றாலும், இதைப் படிப்பவர்களில் செம்பனைக் குலை வெட்டுகிறவர்கள் இருப்பார்கள் என்பதால் சொல்லாமல் விட முடியவில்லை. அரிவாள் கட்டிய நீண்ட கம்பத்தை அண்ணாந்து பிடித்து நாள் முழுவதும் இழுக்கும் தோள், மாலையில் ஓய்வெடுத்த தோளாக இருப்பதில்லை. சில ஆண்டுகளுக்கு முன் என்னிடம் நாற்பது வயது கடந்த குலைவெட்டி ஒருவர் வந்தார். உடல் வலுவைப் பார்த்து, மற்றவர்களைவிட அதிகச் சுற்று கொடுத்தேன். மூன்றாவது வாரத்தில் அவர் கை தாழ்ந்தபோது பலவீனம் என்று நினைத்து இன்னும் விரட்டினேன், தவறு என்னுடையது. பிறகுதான் அவர், இரவில் வலப்பக்கம் படுக்க முடியவில்லை என்றார். கையைப் பக்கவாட்டில் மெல்லத் தூக்கச் சொன்னேன். பாதி உயரத்தில் சுருக்கென்று வலித்தது, அதைத் தாண்டி மேலே போனதும் வலி குறைந்தது. தோள்பட்டை எலும்புக்கு அடியில் ஓடும் தசைநாண் நசுங்கி உரசும்போது இப்படி வலிப்பதுண்டு. உழைத்த தசையின் எரிச்சல் தோளின் முன்புறம் முழுவதும் பரவி, கையை இறக்கிய ஓரிரு நிமிடத்தில் அடங்கும். இந்த வலி ஓரிடத்தில் குத்தும், இரவிலும் தங்கும்.

கிளினிக்குக்கு அனுப்பினேன். விடியலில் போய் எண் எடுத்துக் காத்திருந்தவருக்கு வலி மாத்திரையும் இரண்டு நாள் விடுப்புச் சீட்டும்தான் கிடைத்தன. மூன்றாவது முறை போனபோதுதான் இயன்முறைச் சிகிச்சைக்குக் கடிதம் எழுதிக் கொடுத்தார்கள். மூன்று நாள் சம்பளத்தை இழந்த பிறகு கிடைத்த அந்த ஒரு தாளை முதல் நாளே எழுதியிருக்கலாம். ஆகவே போகிறவர்கள் வெறுமனே தோள் வலி என்று சொல்லாமல், கையைப் பாதி உயரத்துக்குத் தூக்கும்போது வலிக்கிறது, இரவில் அந்தப் பக்கம் படுக்க முடியவில்லை என்று இந்த இரண்டையும் சொல்லி, கடிதத்தைக் கேட்டே வாங்குங்கள். அவருக்கு நான் பயிற்சியை நிறுத்தவில்லை. குலை வெட்டும் நாளில் கையைத் தொங்கவிட்டுக் கால் மட்டும், ஞாயிற்றுக்கிழமையில் மட்டும் வயிற்று உயரத்தில் மெதுவான குத்து, அதுவும் வலி இல்லாத அளவுக்கு என்று மாற்றினேன். ஒன்றரை மாதம் கழித்து வலப்பக்கம் படுத்துத் தூங்க முடிகிறது என்றார்.

உங்களிடம் உள்ள 380 ரிங்கிட்டில் இப்போது செலவழிக்க வேண்டியது ஒரு ஜோடி தட்டையான அடியுள்ள துணிச் சப்பாத்துக்கு மட்டுமே. தடித்த அடியுள்ள ஓட்டச் சப்பாத்து தரையைப் பற்றிக்கொள்வதால், குதிகால் திரும்ப வேண்டிய இடத்தில் முழங்கால் முறுக்கிக்கொள்ளும். பிள்ளைகள் பள்ளிக்குப் போட்டுக்கொள்ளும் வெள்ளைச் சப்பாத்தே உங்கள் அளவில் கிடைத்தால் போதுமானது.