கடை திறக்க நேரமில்லாதவருக்கு மலைப்பூண்டு

கேள்வி: கொடைக்கானலில் வீடு. மெடிக்கல் ரெப் வேலை. மாதத்தில் பாதி நாள் மதுரை, திருச்சி, கோவை என்று சுற்றுகிறேன். கடை வைத்து நேரத்துக்குத் திறந்து மூட முடியாது. வேலையோடு சேர்த்து என்ன தொழில் செய்யலாம்?

நானும் வெளியூர் வேலையை வைத்துக்கொண்டு மலைப்பூண்டு விற்கிறேன். உங்களுக்கும் அதைத்தான் சொல்வேன். காரணம் எளிமையானது. நீங்கள் ஊரில் இல்லாத நாட்களில் சரக்கு உங்களுக்காகக் காத்திருக்க வேண்டும். பிளம்ஸும் பேரிக்காயும் பட்டர் ஃப்ரூட்டும் காத்திருக்காது. சிப்பிக் காளானுக்குத் தினமும் தண்ணீர் தெளிக்க ஆள் வேண்டும். ஹோம்ஸ்டே என்றால் வருகிறவருக்குச் சாவி கொடுக்கவாவது ஒருவர் வீட்டில் இருக்க வேண்டும். பூண்டு மட்டும், சரியாக வைத்தால், மாதக் கணக்கில் பேசாமல் இருக்கும்.

அந்த 'சரியாக வைத்தால்' என்பதில்தான் இந்தத் தொழிலே இருக்கிறது.

பூண்டு அறுவடைக்குப் பிறகு கொஞ்ச காலம் உறங்கும். அந்த உறக்கத்தைக் கலைப்பது மிதமான குளிர். 5 முதல் 10 டிகிரி வரையிலான குளிரில் உள்முளை வேகமாக வளரும். நம் மலையில் பனிக்கால இரவுகள் ஏறக்குறைய அப்படித்தான் இருக்கும். கூடவே மூடுபனியின் ஈரம். ஆள் இல்லாமல் பூட்டிக் கிடக்கும் கொடைக்கானல் வீட்டில் மூட்டையை அடுக்கி வைத்தால், பாதி முளைக்கும், மீதியில் அடிப்பக்கம் நீலப் பூஞ்சணம் பிடிக்கும். பூம்பாறை, மன்னவனூர் பக்கம் விவசாயிகள் தாளை அறுக்காமல் கட்டுக் கட்டாகக் கட்டி, அடுப்புக்கு மேலே பரணில் தொங்கவிட்டுப் புகை காட்டுவது இதற்காகத்தான். புகையின் சூடு ஈரத்தை விரட்டுகிறது, உறக்கத்தை நீட்டுகிறது. தோல் லேசாகப் பழுப்பேறி ஒரு புகை வாசம் வருவதும் அதனால்தான்.

ஆகவே உங்கள் வீட்டைக் குடோனாக்க நினைக்காதீர்கள். விவசாயியின் பரணே உங்கள் குடோன். நான் சரக்கு எடுக்கும் வீட்டில் அந்த அக்கா முதல் நாளே சொல்லிவிட்டார்: "கட்டை அவுத்துக் கொண்டுபோனா குளுருல முளைச்சிரும் தம்பி. காசு குடுத்துட்டுப் போ, வேணுங்கிறப்ப வேணுங்கிறத எடுத்துக்க." பாதிப் பணம் முன்பணம், மீதி எடுக்க எடுக்க. பரணில் வைத்திருப்பதற்கும் தாள் அறுத்துத் தரம் பிரிப்பதற்கும் கிலோவுக்கு இவ்வளவு என்று தனியாகப் பேசிக் கொடுத்துவிடுங்கள். அந்தக் கூலியில் கஞ்சம் பிடிக்காதீர்கள். நீங்கள் திருச்சியில் இருக்கும்போது உங்கள் சரக்கைப் பார்த்துக்கொள்வது அந்தக் குடும்பம்தான்.

வாங்கும்போது பார்க்க வேண்டியது மூன்று. கையில் அழுத்தினால் கல் மாதிரி இருக்க வேண்டும். பொத்தென்று அமுங்கினால் உள்ளே பல் சுருங்கிவிட்டது. வேர்ப்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். நீலமோ பச்சையோ பொடி தெரிந்தால் அந்தக் கட்டையே ஒதுக்குங்கள். மூன்றாவதுதான் பலர் செய்யாதது: வெவ்வேறு கட்டிலிருந்து சில பல்லை எடுத்து நீளவாக்கில் அறுத்துப் பாருங்கள். நடுவில் இருக்கும் முளை பல்லின் பாதி நீளத்துக்குள் இருந்தால் இன்னும் காலம் இருக்கிறது. பாதியைத் தாண்டி, நுனியில் பச்சை ஏறியிருந்தால் உறக்கம் கலைந்துவிட்டது. அந்தச் சரக்கை உடனே விற்பதாக இருந்தால் மட்டும் வாங்குங்கள்.

இனி வாரச் சுற்று. வாட்ஸ்அப்பில் ஒரு பிராட்காஸ்ட் லிஸ்ட் போதும். மாதத்தில் நீங்கள் ஊரில் இருக்கப்போகும் இரண்டு சனி, ஞாயிறுகளை முதலிலேயே குறித்துவிடுங்கள். அதற்கு முந்தைய வியாழன் இரவோடு ஆர்டர் முடிந்தது, பணம் முன்கூட்டியே ஜிபேயில். வெள்ளி காலை மொத்தக் கணக்கைப் பரண் வீட்டுக்குச் சொல்லிவிட்டால், நீங்கள் போகும்போது தாள் அறுத்துத் தயாராக இருக்கும். சனிக்கிழமை எடை போட்டுக் கட்டினால் திங்கட்கிழமை அனுப்பிவிடலாம். வாரக் கடைசியில் பார்சல் புக் செய்தால் அது ஏதாவது ஒரு குடோனில் இரண்டு நாள் அடைந்து கிடக்கும்; திங்கள், செவ்வாய்தான் நல்லது.

இங்கே உங்கள் பயணமே கை கொடுக்கும். பார்சலை மலை மேலிருந்து அனுப்பத் தேவையில்லை. வேலைக்கு எப்படியும் வத்தலக்குண்டு வழியாகவோ பழனி வழியாகவோ இறங்குகிறீர்கள். கீழே புக் செய்தால் ஒரு நாள் மிச்சம். ஐப்பசி, கார்த்திகை மழையில் காட் ரோட்டில் மண் சரிந்து வண்டி நின்றாலும், நீங்கள் இறங்கிவிட்ட பிறகு உங்கள் பார்சல் சிக்காது. மதுரை, கோவையில் நீங்கள் போகும் பகுதியில் நாலைந்து பேர் சேர்ந்து கேட்டால் கையிலேயே கொடுத்துவிடலாம், கூரியர் செலவே இல்லை. ஆனால் டாக்டர்களையும் மருந்துக்கடைக்காரர்களையும் வாடிக்கையாளர் ஆக்காதீர்கள். கம்பெனி விதியும் ஒத்துக்கொள்ளாது, உங்கள் வேலையின் மரியாதைக்கும் நல்லதல்ல. கூடுதல் தொழில் செய்யலாமா என்று உங்கள் நியமனக் கடிதத்தில் என்ன போட்டிருக்கிறது என்பதையும் ஒருமுறை படித்துவிடுங்கள்.

பேக்கிங்கில் ஒரு கணக்கு. பெரும்பாலான கூரியர்கள் அரைக் கிலோ அரைக் கிலோவாக எடையை ஏற்றிக் கட்டணம் போடுவார்கள். ஒரு கிலோ பூண்டைப் பெட்டியில் போட்டால் 1.1 கிலோ ஆகும். கட்டணம் ஒன்றரைக் கிலோவுக்கு. அதனால் நான் 900 கிராம் பாக்கெட்தான் விற்கிறேன், பெட்டியோடு சேர்ந்து ஒரு கிலோவுக்குள் நிற்கும். பெட்டி அளவும் முக்கியம். நீளம், அகலம், உயரத்தை சென்டிமீட்டரில் பெருக்கி 5000-ஆல் வகுத்து, அது நிஜ எடையைவிட அதிகமானால் அதற்குத்தான் காசு வாங்குவார்கள். 25, 20, 15 அளவுப் பெட்டி ஒன்றரைக் கிலோவாகிவிடும். 20, 15, 10 அளவில் 900 கிராம் பூண்டு தாராளமாக அடங்கும், கணக்கில் 0.6 தான். உள்ளே துணிப்பை அல்லது வலைப்பை, பெட்டியில் நாலு ஓட்டை. பாலிதீனில் ஒருபோதும் அடைக்காதீர்கள். பூண்டு மூச்சு விடும். அந்த ஈரம் வெளியேற வழியில்லாமல் பயணத்திலேயே பூஞ்சணம் வந்துவிடும்.

பணக் கணக்கைப் பார்ப்போம். பூண்டு விலை வாரத்துக்கு வாரம் மாறும், எனவே இவை கணக்குக்காக நான் வைத்துக்கொண்ட எண்கள்; உங்கள் விலையைப் போட்டுப் பாருங்கள். 60 கிலோ, கிலோ 300 ரூபாய் என்றால் 18,000. பரண் வீட்டுக்குக் கிலோவுக்கு 15 வீதம் 900. ஜீப், பஸ் சுமைக்கூலி 600. தாள், வேர், உதிரி, சொத்தை என்று 8 கிலோ கழிந்தால் 52 கிலோ மிஞ்சும். அதில் 57 பாக்கெட். பெட்டியும் பையும் பாக்கெட்டுக்கு 25 என்றால் 1,425. ஆக மொத்தச் செலவு 20,925. கூரியர் தனி, பாக்கெட் 480 ரூபாய் என்று விற்றால் 57-க்கும் 27,360 வரவேண்டும். ஆனால் இரண்டு பாக்கெட்டாவது அடிபட்டு, நீங்கள் மாற்றி அனுப்ப வேண்டியிருக்கும். அதையும் அதன் கூரியரையும் கழித்தால் கையில் 5,200 சொச்சம்.

இதே கணக்கில் கழிவு 8 கிலோவுக்குப் பதில் 15 கிலோ ஆகட்டும். 50 பாக்கெட்தான் தேறும். பெட்டிச் செலவு குறைந்தாலும், மாற்றி அனுப்புவதற்கு முன்பே லாபம் 3,250-க்கு இறங்கிவிடும். விலை பேசி பத்து ரூபாய் குறைப்பதைவிடக் கழிவைக் குறைப்பதில் அதிகப் பணம் இருக்கிறது. அதனால்தான் பல்லை அறுத்துப் பார்க்கும் வேலையை இவ்வளவு வலியுறுத்துகிறேன்.

மூன்று மாதத்துக்கு ஒரே விலை என்று யாருக்கும் வாக்குக் கொடுக்காதீர்கள். வடமாநில வியாபாரிகள் விதைப் பூண்டு வாங்க மேட்டுப்பாளையம் மண்டிக்கு வரும் காலத்தில் நீலகிரிப் பூண்டு விலை ஏறும், அது நம் மலையையும் தொடும். ஒவ்வொரு ஆர்டர் சுற்றுக்கும் புது விலை என்று ஆரம்பத்திலேயே பழக்கிவிடுங்கள்.

பெயர் விஷயத்தில் கவனம் வேண்டும். கொடைக்கானல் மலைப்பூண்டுக்கு 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அந்த முத்திரையை அச்சிட வேண்டுமானால் பதிவேட்டில் அங்கீகரிக்கப்பட்ட பயனராகப் பெயர் இருக்க வேண்டும். அதுவரை முத்திரை போடாமல், எந்த ஊர்ப் பரணிலிருந்து எடுத்தது, எந்தத் தேதியில் தாள் அறுத்தது என்று மட்டும் சீட்டில் எழுதுங்கள். ஹிமாச்சல் பூண்டையும் மலைப்பூண்டு என்று விற்கும் கடைகள் உண்டு. அது பெரிதாக, வெள்ளையாக, பார்க்க அழகாக இருக்கும். நம்முடையது சின்னதாக, பெரும்பாலும் 20, 30 கிராம் எடைதான் இருக்கும். முதல்முறை வாங்குகிறவர் "ஏன் இத்தனை பொடிசு, ஏன் அழுக்கு நிறம்" என்று கேட்பார். பணம் வாங்கும் முன்பே உள்ளங்கையில் வைத்து ஒரு போட்டோ அனுப்பிவிடுவது நல்லது. உணவுப் பாதுகாப்புத் துறைப் பதிவை ஆன்லைனில் எடுத்துவிடுங்கள், சிறு வியாபாரிக்குக் கட்டணம் குறைவுதான். ஜிஎஸ்டி பற்றி உங்கள் ஆடிட்டரிடம் ஒருமுறை கேட்டுக்கொள்ளுங்கள்.

வாங்குகிறவர்களுக்கு ஒன்றை எழுதியே அனுப்புங்கள்: ஃப்ரிட்ஜில் வைக்காதீர்கள், காற்றாடும் கூடையில் போடுங்கள். ஃப்ரிட்ஜின் குளிரும் முளையை எழுப்பிவிடும். பிறகு புகார் உங்களுக்குத்தான் வரும்.

வருஷத்துக்கு இரண்டு போகம் என்பதால் நடுவில் சரக்கு வயதாகும் ஒரு காலம் வரும். அறுத்துப் பார்க்கும் பல்லில் முளை பாதியைத் தாண்டிவிட்டால் அந்தச் சுற்றோடு ஆர்டரை நிறுத்திவிடுங்கள். மிச்சம் இருக்கும் நல்ல பூண்டைப் பரண் வீட்டுக்காரர்களே விதைக்கு எடுத்துக்கொள்வார்கள், அவர்களுக்கு முளை விட்டதுதான் வேண்டும். அதற்கான விலையை முன்பணம் கொடுக்கும் அன்றைக்கே பேசி வைத்துக்கொள்ளுங்கள்.